ஒரு நிபுணர், மூன்று மேலாளர்கள், ஒரே மாதம்

*கேள்வி: கோவையில் தொழிற்சாலைத் தானியக்கப் பணிகள் செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. அதில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுத முழுமையாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அடுத்த மாதம் மூன்று திட்ட மேலாளர்கள் அவரைக் கேட்கிறார்கள். மூவருமே அவசரம் என்கிறார்கள். ஆளுக்கு வாரம் இரண்டு நாள் என்று பிரித்துக் கொடுக்கலாமா? இதை யார் முடிவு செய்ய வேண்டும்?*

பிரித்துக் கொடுக்காதீர்கள். நியாயமாகத் தோன்றும் வழி அது. மூவருடைய முகமும் கோணாது. ஆனால் மூன்று வேலைகளையும் ஒன்றாகத் தாமதமாக்கும் வழியும் அதுதான். இதே தொழிலில், இதே ஊரில், திட்டமிடல் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2022-இல் நாங்களும் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தோம். அதன் விலையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மூன்று வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு நாள். இரண்டிரண்டு நாளாகச் சுற்றி வந்தால் முதல் வேலை 14-ஆம் நாளில் முடியும், இரண்டாவது 16-இல், மூன்றாவது 18-இல். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் முதல் வேலை 6-ஆம் நாளில் முடியும், இரண்டாவது 12-இல், மூன்றாவது 18-இல். கடைசியில் நிற்பவருக்கு ஒரு நாள்கூட நட்டமில்லை. மற்ற இருவருக்கும் நான்கு நாள், எட்டு நாள் லாபம். இது ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் ஆகும் இழப்பைச் சேர்க்காத கணக்கு. அந்த இழப்பு சிறியதன்று. எங்கள் பி.எல்.சி. பொறியாளரிடம் கேட்டபோது, இரண்டு நாள் விட்டுப்போன புரோகிராமைத் திறந்தால், எங்கே நிறுத்தினோம், எந்த மாற்றம் பாதியில் நிற்கிறது என்று பிடித்துக்கொள்ளவே காலையில் ஒன்றரை மணி நேரம் போகிறது என்றார்.

நேரத்தைவிடப் பெரிய ஆபத்து பிழை. 2022-இல் அவர் வாரத்துக்கு மூன்று தளங்கள் என்று அலைந்துகொண்டிருந்தார். ஒரு பொதி கட்டும் வரிசையில் கன்வேயர் திடீர் திடீரென்று நின்றது. சென்சாரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், அரை நாள் போயிற்று. கடைசியில் அவருடைய மடிக்கணினியைப் பார்த்தால், ஒரே திட்டத்துக்கு மூன்று கோப்புறைகள். போன வாரத் தேதி போட்டதைத் திறந்து இயந்திரத்தில் ஏற்றியிருக்கிறார். டைமர் மதிப்புகள் எல்லாம் பழையவை. எங்கள் நிறுவனத்தில் அவரைப் போலக் கவனமானவர் வேறு யாருமில்லை. அவரையே அந்தத் தவறைச் செய்ய வைத்தது எங்கள் பங்கீடு.

அதன் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட முறையை, 2024 அக்டோபரில் வந்த ஒரு மோதலை வைத்தே சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு அது மிகவும் நெருக்கமானது.

அந்த மாதம் அவரைக் கேட்டவர்கள் மூவர். பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் ஈரப்பதக் கட்டுப்பாட்டு நிலையத்தில் பழைய கட்டுப்பாட்டுப் பேனலை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் திட்டம். அதற்கு 10 நாள் கேட்டார்கள். ஈரோடு பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் பாஸ்சரைசரும், குழாய்களைக் கழற்றாமல் உள்ளேயே கழுவும் சி.ஐ.பி. அமைப்பும், அதற்கு 12 நாள். எங்கள் பட்டறையிலேயே உருவாகிக்கொண்டிருந்த பம்புசெட் சோதனை மேடை ஒன்று. அதற்கு 8 நாள். மொத்தம் 30.

முதலில் கையில் இருக்கும் நாட்களை எண்ணினோம். இதைப் பலர் செய்வதில்லை. மாதம் என்றால் 26 நாள் என்று மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அந்த அக்டோபரில் நான்கு ஞாயிறு. காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, விஜயதசமி, 31-ஆம் தேதி தீபாவளி. மிஞ்சியது 23. அதிலும் பழைய வாடிக்கையாளர்களின் பழுது, தொலைபேசி, சின்னத் திருத்தம் என்று ஒரு பகுதி எப்போதும் போய்விடும். முந்தைய மூன்று மாத வேலைப் பதிவைப் புரட்டினோம். சராசரியாக வாரத்துக்கு ஒரு நாள் அதற்கே போயிருந்தது. எனவே சனிக்கிழமைகளை அதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். விடுமுறை போக மூன்று சனிக்கிழமைகள். மிச்சம் 20 நாள். உங்கள் நிபுணருக்கும் இந்த எண்ணை முதலில் கண்டுபிடியுங்கள். இது தெரியாமல் கூட்டம் போட்டால், இல்லாத நாட்களுக்காகச் சண்டை நடக்கும்.

30 கேட்கிறார்கள், 20 இருக்கிறது. உடனே முன்னுரிமை பேசத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மேலாளர் ஆளைக் கேட்கும்போது வேலையைக் கேட்பதில்லை. "அவர் எனக்குப் பன்னிரண்டு நாள் வேண்டும்" என்பார். அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

பால் பண்ணையின் 12 நாளைத் திறந்தோம். வால்வு, சென்சார், மோட்டார் ஒவ்வொன்றும் பேனலில் சரியான முனையில் வந்து சேர்கிறதா என்று சரிபார்க்க 3 நாள். கழுவும் சுழற்சிக்கான புரோகிராம் எழுத 4 நாள். தண்ணீர் ஓட்டிப் பார்த்து, பிறகு முழு ஓட்டம் விட 4 நாள். இயக்குபவர்களுக்குப் பயிற்சி 1 நாள். முதல் மூன்று நாள் வேலைக்கு அவர் எதற்கு? இணைப்புப் பட்டியலைக் கையில் கொடுத்தால் நல்ல எலக்ட்ரீஷியனும் ஒரு இளநிலைப் பொறியாளரும் செய்துவிடுவார்கள். பயிற்சியையும் தளப் பொறியாளரே கொடுக்கலாம். ஆக, அவரே வேண்டிய நாட்கள் 8.

சோதனை மேடையின் 8 நாளில், திரையில் தெரியும் படங்களும் சோதனை அறிக்கைப் படிவமும் 2 நாள். அவை முந்தைய மேடை ஒன்றில் ஏற்கெனவே செய்தவை; எடுத்துத் திருத்த இளநிலைப் பொறியாளர் போதும். மீதி 6: புரோகிராம் 4 நாள், ஓட்டிப் பார்க்க 1 நாள், வாடிக்கையாளர் வந்து ஆய்வு செய்யும் நாள் 1.

நூற்பாலையின் 10 நாளில், பழைய புரோகிராமைப் புதிய கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாற்ற 5 நாள், அலுவலகத்திலேயே மாதிரி ஓட்டம் பார்க்க 1 நாள், தளத்தில் 4 நாள். அந்த நான்கில் முதல் இரண்டு நாள் பழைய பேனலைக் கழற்றிப் புதியதற்கு வயரிங் செய்வது. அங்கே அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் தேவைப்படுவது கடைசி இரண்டு நாள். அந்த இரண்டும் நவம்பரில் வந்தன. ஆக, அக்டோபரில் 6.

இப்போது கூட்டிப் பாருங்கள்: 8, 6, 6. இருபது! ஒருவரும் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை, கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. நான் பார்த்த மோதல்களில் பெரும்பாலானவற்றில் இப்படித்தான், கேட்ட நாட்களில் கணிசமான பகுதி அவருடைய வேலையே இல்லை. நிபுணர் பக்கத்தில் இருந்தால் தைரியம் என்பதற்காக அவரைக் கேட்பார்கள். அந்தத் தைரியத்தின் விலையை இன்னொரு திட்டம் கட்டுகிறது.

இருபதுக்கு இருபது பொருந்திவிட்டது என்று அங்கேயே எழுந்துவிடாதீர்கள். ஒரு நாள்கூட இடைவெளி இல்லாத அட்டவணை முதல் வாரத்திலேயே உடையும். உடைந்தால் மூன்று திட்டங்களும் சேர்ந்து சரியும். அவருடைய நாட்களில் ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விட வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. 20-இல் 4. அந்த நான்கு நாளை எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். உண்மையான முன்னுரிமைப் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று மேலாளர்களிடமும் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டோம். முதல் கேள்வி: அவர் வந்து நிற்கும் நாளில், அவர் வேலையைத் தொடங்கத் தேவையான மற்றவை எல்லாம் தயாராக இருக்குமா? இரண்டாவது: அவர் ஒரு வாரம் தாமதமாக வந்தால் என்ன நடக்கும், யாருக்கு, எத்தனை ரூபாய்க்கு?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லாத் தாமதமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. சில தாமதங்கள் சரிவுப் பாதை போல: ஒரு நாள் தள்ளினால் ஒரு நாளுக்கான நட்டம், ஒரு வாரம் என்றால் ஒரு வார நட்டம். சில தாமதங்கள் படிக்கட்டு போல: ஒரு நாள் தவறினாலும் ஒரே அடியாக விழ வேண்டியதுதான். எங்கள் மூன்று ஒப்பந்தங்களிலும் தாமத அபராதம் வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம். சோதனை மேடையின் மதிப்பு 60 லட்சம். வாரத்துக்கு 30,000 ரூபாய். பால் பண்ணை 80 லட்சம், வாரத்துக்கு 40,000. நூற்பாலை 45 லட்சம்தான். அதே கணக்கில் வாரத்துக்கு 22,500. மேலோட்டமாகப் பார்த்தால் பால் பண்ணைதான் முதலில் நிற்க வேண்டும். அதன் மேலாளரும் அதையே சொன்னார்: "மூன்றிலும் பெரிய ஆர்டர் என்னுடையது, சார்."

ஆனால் நூற்பாலையை நினைத்த நாளில் நிறுத்த முடியாது. அது இரவும் பகலும் ஓடுகிறது. ஈரப்பத நிலையத்தை நிறுத்தினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும்போது ஆலை 29-ஆம் தேதி முதல் நவம்பர் 3 வரை நிற்கிறது. 4-ஆம் தேதி திங்கட்கிழமை ஓடத் தொடங்கிவிடும். அந்த ஆறு நாளில் பேனல் மாறாவிட்டால் அடுத்த வாய்ப்பு பொங்கல். இடையில் 11 வாரம். அபராதம் உச்சவரம்பைத் தொட்டு 2,25,000 ரூபாயில் நிற்கும். வர வேண்டிய மீதித் தொகை 18 லட்சமும் அத்தனை வாரம் வராது. ஒரு நாள் தவறுவதும் பதினொரு வாரம் தவறுவதும் அங்கே ஒன்றுதான். ஒப்பந்த மதிப்பில் மிகச் சிறியது, தேதியில் மிகக் கடுமையானது. மேலாளர் எவ்வளவு உரக்கக் கேட்கிறார் என்பதையும், ஆர்டர் எவ்வளவு பெரியது என்பதையும் வைத்து முடிவு செய்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நூற்பாலைத் திட்டத்தின் மேலாளர் மூவரில் மிக அமைதியானவர்.

இனி முதல் கேள்வி. பால் பண்ணைக்கு 14-ஆம் தேதி முதல் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தளத்துக்கு நானே தொலைபேசியில் பேசினேன். வால்வுகள் வந்துவிட்டன, பேனல் நிற்கிறது, கம்ப்ரசர் ஓடுகிறது. நீராவி? "குழாய் போட்டாயிற்று சார், கொதிகலன் துறை ஆய்வு இன்னும் நடக்கவில்லை, தேதி கேட்டிருக்கிறோம்" என்றார் தளப் பொறியாளர். நீராவி இல்லாமல் பாஸ்சரைசரில் என்ன ஓட்டம் பார்ப்பது? தண்ணீரை மட்டும் சுற்றவிடலாம், வெப்பக் கட்டுப்பாட்டைத் தொடவே முடியாது. அந்த மேலாளர் பொய் சொல்லவில்லை. ஆள் கையில் இருந்தால் மற்றதை எப்படியும் இழுத்துவிடலாம் என்று நம்பினார். எல்லா மேலாளர்களும் அப்படித்தான் நம்புவார்கள். அதனால்தான் தயார்நிலையை மேலாளரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், தளத்தில் நிற்பவரிடமும் ஒரு முறை கேட்க வேண்டும்.

எங்கே இடைவெளி எடுப்பது என்று இப்போது தெளிவாயிற்று. பால் பண்ணையின் 8 நாளில் புரோகிராம் எழுதும் 4 நாளை அக்டோபரில் வைத்துக்கொள்வது. ஓட்டம் பார்க்கும் 4 நாளை நவம்பர் 5-க்குத் தள்ளுவது. அக்டோபர்த் தேவை 16, கையில் 20, இடைவெளி 4.

வரிசையைப் பற்றி ஒரு கேள்வி எழும்: அவ்வளவு கடுமையான நூற்பாலையை ஏன் முதலில் வைக்கவில்லை? சோதனை மேடைக்கு வாடிக்கையாளர் ஆய்வு 18-ஆம் தேதி உறுதியாகியிருந்தது; வெளியூரிலிருந்து வருபவர்கள், டிக்கெட் போட்டாயிற்று. அதுவும் படிக்கட்டுதான், சிறிய படிக்கட்டு. தவற விடக்கூடாத தேதிகள் இரண்டு இருந்து, இரண்டையும் தொட முடியுமானால், முந்திய தேதிக்கு உரியதை முதலில் முடிப்பதே வழி. எனவே 1, 3, 4, 7 தேதிகளில் மேடையின் புரோகிராம், 8-ஆம் தேதி ஓட்டம். 9, 10, 14, 15, 16-இல் நூற்பாலைப் புரோகிராம், 17-இல் மாதிரி ஓட்டம். 18 ஆய்வு. 21 முதல் 24 வரை பால் பண்ணைப் புரோகிராம். 25, 28, 29, 30 வெறுமை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஆய்வு நாளைத் தவிர இடையில் எந்தக் குறுக்கீடும் இல்லை.

இந்த அட்டவணையைக் கூட்டத்துக்கு எடுத்துப் போகும் முன்பே அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். இதை மறந்தே போகிறார்கள். ஒருவருடைய மாதத்தை நான்கு பேர் அவர் இல்லாமலே பங்கு போடுகிறார்கள். நூற்பாலைப் புரோகிராமுக்கு மேலாளர் போட்ட 5 நாளைக் காட்டி, "இது சரியா?" என்று கேட்டேன். "பழைய புரோகிராமில் குறிப்புகள் இருந்தால் நான்கு, இல்லாவிட்டால் ஆறு" என்றார். குறிப்புகள் இருக்கின்றனவா என்று அன்றே கோப்பைத் திறந்து பார்த்தோம், பாதிக்கு இருந்தன. ஐந்து என்றே வைத்துக்கொண்டோம். பிறகு தீபாவளியைக் கேட்டேன். அவருக்குத் திண்டுக்கல்; சின்னப் பெண் குழந்தை. "31-ஆம் தேதி வீட்டில் இருந்தால் போதும் சார். ஒன்றாம் தேதி காலை நேராகப் பல்லடம் வந்துவிடுகிறேன்" என்றார். வயரிங் 29, 30-இல் முடிந்தால் 31-ஆம் தேதி தளத்தில் யாருக்குமே வேலை இல்லை. நவம்பர் 1, 2 அவருக்கு, 3 இடைவெளி. கேட்காமல் விட்டிருந்தால் 29 முதல் 2 வரை ஐந்து நாளும் அவர் பெயரைப் போட்டிருப்போம், தீபாவளியும் சேர்த்து.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். திட்டமிடல் பிரிவில் இருக்கும் நீங்கள் செய்யக்கூடாது. மூன்று மேலாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடவும் கூடாது. நீங்கள் செய்தால், உங்களுக்கு அதிகாரமில்லை என்று மறுநாளே ஒருவர் மேலே போவார். அவர்களே செய்தால் மூத்தவர் வெல்வார். மூன்று திட்டங்களின் லாபநட்டத்துக்கும் பொறுப்பான ஒருவர் உங்கள் நிறுவனத்தில் இருப்பார். இயக்குநரோ, செயல்பாட்டுத் தலைவரோ. முடிவு அவருடையது. உங்கள் வேலை, அவர் முன்னால் ஒரே ஒரு தாளை வைப்பது. அதில் 20 நாள் என்ற எண், பிரித்த வேலைகள், தயார்நிலை, தாமதத்தின் விலை, நீங்கள் சொல்லும் வரிசை, அதனால் யார் எதை இழக்கிறார் என்பது. கடைசி விவரத்தை மறைக்காமல் எழுதுங்கள். எங்கள் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பால் பண்ணை மேலாளருக்கு வருத்தம்தான். ஆனால் தாளில் நீராவி பற்றி எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு அவர் எதிர்வாதம் செய்யவில்லை.

இழந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அவர் தன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்று மாலையே அவரோடு உட்கார்ந்து கடிதம் எழுதினோம்: "கழுவும் சுழற்சிக்கான புரோகிராம் அக்டோபர் 24-ஆம் தேதிக்குள் தயாராகும். நீராவிக் குழாய் ஆய்வு முடிந்து சான்று கிடைத்ததும் தெரிவிக்க வேண்டுகிறோம். முழு ஓட்டம் நவம்பர் 5 அன்று தொடங்கும். எங்கள் பொறியாளர் அன்று முதல் நான்கு நாள் தொடர்ந்து தளத்தில் இருப்பார்." இந்தக் கடிதத்துக்கு இரண்டு பயன். நீராவி தயாராகாத நாட்கள் எங்கள் தாமதக் கணக்கில் சேராமலிருக்க எழுத்தில் ஒரு சான்று. மேலாளருக்கோ உறுதியான ஒரு தேதி. "சீக்கிரம் வருவார்" என்பதை வைத்துக்கொண்டு யாரிடமும் நிற்க முடியாது.

அட்டவணை அப்படியே நடந்ததா? இல்லை. 8-ஆம் தேதி மேடையை ஓட்டியபோது மின்காந்த ஓட்டமானியின் அளவு நடுங்கியது. பம்பு சீராக ஓடுகிறது, திரையில் எண் மேலும் கீழும் குதிக்கிறது. புரோகிராமில் வடிகட்டியைப் போட்டு எண்ணை அமைதியாக்கலாம். அவர் அதைச் செய்ய மறுத்தார். சோதனை மேடையில் எண்ணை அழகாக்கினால் பம்பின் திறனளவே பொய்யாகும். 9-ஆம் தேதி முழுவதும் கேபிளைத் தொடர்ந்து போய்ப் பார்த்ததில், சிக்னல் கேபிளின் உறையை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தார்கள். ஒரு முனையை விடுவித்ததும் நடுக்கம் நின்றது. ஒரு நாள் போயிற்று. அன்று இடைவெளி இல்லாத அட்டவணை கையில் இருந்திருந்தால், வடிகட்டியைப் போட்டு மூடிவிடச் சொல்லி நாங்களே அவரை நெருக்கியிருப்போம்.

இரண்டாவது இழப்பு எங்கள் தவறு. 16-ஆம் தேதி காலை, பழைய வாடிக்கையாளர் ஒருவரின் இயந்திரம் நின்றுவிட்டது என்று விற்பனைப் பிரிவிலிருந்து நேராக அவருடைய கைப்பேசிக்கு அழைப்பு. அவர் கிளம்பிப் போய்விட்டார். போய்ப் பார்த்தால் அவசர நிறுத்தப் பொத்தானின் தொடர்பில் பழுது. சர்வீஸ் எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. அன்று முதல் ஒரு ஏற்பாடு: நிபுணரின் மாதம் ஒதுக்கப்பட்டிருக்கும்போது அவருக்கு வரும் எந்த அழைப்பும் திட்டமிடல் பிரிவு வழியாகவே போக வேண்டும். இயந்திரம் நின்றால் முதலில் எலக்ட்ரீஷியன் போவார். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் நிபுணர். உங்கள் அட்டவணை உடைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். மூன்று மேலாளர்கள் எழுதிக் கேட்கிறார்கள், நான்காவது ஆள் தொலைபேசியில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

இரண்டு நாள் இழப்புக்குப் பிறகு நூற்பாலைப் புரோகிராம் 21-ஆம் தேதி முடிந்தது. மாதிரி ஓட்டம் 22. ஆலை நிற்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. பால் பண்ணைப் புரோகிராம் 23, 24, 25, 28. இடைவெளி நான்கில் இரண்டு மிச்சமிருந்தது. நீராவிக் குழாய் ஆய்வு 24-ஆம் தேதிதான் நடந்தது. கேட்டபடி 14-ஆம் தேதி அவரை அனுப்பியிருந்தால் தளத்தில் நாட்கணக்கில் காத்துக்கிடந்திருப்பார்.

உங்கள் ஏற்பாடு சரியாகப் போகிறதா என்று நடுவில் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். வாரக் கடைசியில் அவரிடம் "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்காதீர்கள். "இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" என்று கேளுங்கள். 80 சதவீதம் என்பது மூன்று வாரம் 80 சதவீதமாகவே நிற்கும். மிச்ச நாள் குறையாமல் நின்றால் அந்த வேலையில் ஏதோ சிக்கல். அவருடைய வேலைப் பதிவில் ஒரே நாளில் இரண்டு திட்டங்களின் பெயர் வரத் தொடங்கினால், பங்கீடு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்று பொருள்.

மென்பொருளில் போட்டால் அதுவே சரிசெய்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் ஆள் மோதலைத் தானாகவே நீக்கி வேலைகளைத் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. மூன்று திட்டங்களும் மூன்று தனிக் கோப்புகளில், ஆட்கள் பட்டியல் பொதுவாக இல்லாமல் இருந்தால், மோதல் நடப்பதே அதற்குத் தெரியாது. பொதுப்பட்டியல் வைத்திருந்தாலும், ஆலை நிற்கும் நாட்களையும் நீராவி வராத தேதியையும் நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அது அறியும். மூன்று வேலைக்கு ஒரு தாளே போதும். பத்துத் திட்டம், ஆறு நிபுணர்கள் என்று வரும்போது மென்பொருளைத் தேடுங்கள்.

இந்த முறை கைகொடுக்காத நிலையும் உண்டு. மூன்று வேலைகளும் படிக்கட்டு வகையாக, மூன்றும் ஒரே நான்கு நாட்களில் வந்து விழுந்தால் வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. உதாரணமாக, மூன்று ஆலைகள் ஒரே தீபாவளி விடுமுறையில் மாற்றக் கேட்கலாம். அப்போது வெளியிலிருந்து ஒப்பந்தப் பொறியாளர் ஒருவரை எடுக்கத்தான் வேண்டும். அவரிடம் எதைக் கொடுப்பது என்பதில் கவனம் தேவை. பாதி எழுதிய பழைய புரோகிராமைக் கொடுத்தால், அதைப் புரிய வைக்கவே உங்கள் நிபுணரின் நாட்கள் போய்விடும். புதிதாகத் தொடங்குவதும், உங்கள் பட்டறைக்குள்ளேயே நடப்பதும், தவறினால் திருத்த நாள் உள்ளதுமான வேலையையே கொடுங்கள். எங்கள் மூன்றில் சோதனை மேடை அப்படிப்பட்டது. ஆளை எடுக்கும் முடிவும் மாதம் தொடங்குவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே வர வேண்டும்; தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு கோவையில் நல்ல பி.எல்.சி. ஆள் ஒருவரும் கையில் வேலை இல்லாமல் இருக்கமாட்டார்.

அடுத்த மாதத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன என்று தெரிகிறது. நாளைக் காலை அவருடைய கடந்த மூன்று மாத வேலைப் பதிவை எடுத்து, மற்ற அழைப்புகளுக்குப் போன நாட்களை எண்ணுங்கள். மதியம் மூன்று மேலாளர்களிடமிருந்தும் வேலைகளைப் பிரித்து எழுதி வாங்குங்கள். பிரித்த பிறகும் தேவை கையிருப்பைவிட அதிகமாக இருந்தால், அந்த எண்களோடு மறுபடி எழுதுங்கள். எதைத் தள்ளலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.